பழைய மதிப்பா, புதிய மதிப்பா?

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்கள் தவறாமல் சந்திக்கும் கேள்வி இது. இரண்டு மூன்று ஃபிளிப்ஃப்ளாப்களை இணைத்து ஒரு படம் போட்டிருப்பார்கள். தொடக்கத்தில் எல்லாமே சுழியம். ஒவ்வொரு கிளாக் பல்ஸுக்கும் வெளியீடு எப்படி மாறும், எத்தனையாவது பல்ஸில் மறுபடி தொடங்கிய இடத்துக்கு வரும்? நண்பன் ஒரு விடை சொல்வான், கைடு இன்னொன்று சொல்லும். எது சரி என்று தீர்க்க ஒரே வழி, பல்ஸ் பல்ஸாக நாமே நடந்து பார்ப்பதுதான். ஆனால் அந்த நடையிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்தவருக்கும் அழகாகச் சுற்றி வரும் ஒரு வரிசை கிடைத்துவிடும் என்பதால், விழுந்ததே தெரியாது.

ஃபிளிப்ஃப்ளாப் என்பது ஒரே ஒரு பிட்டை, அதாவது 0 அல்லது 1 என்ற ஒரு மதிப்பை, வைத்திருக்கும் சுற்று. கிளாக் பல்ஸ் வரும்போது மட்டும் அது தன் உள்ளீடுகளைப் பார்த்து, மாறுவதா இருப்பதா என்று முடிவெடுக்கும். ஜேகே வகைக்கு இரண்டு உள்ளீடுகள். இரண்டும் 0 என்றால் இருப்பது அப்படியே இருக்கும். ஜே மட்டும் 1 என்றால் வெளியீடு 1 ஆகும். கே மட்டும் 1 என்றால் 0 ஆகும். இரண்டும் 1 என்றால் இருப்பதற்கு நேர்மாறாகத் திரும்பும். இதைத்தான் டாகிள் என்கிறோம். விதிகள் இவ்வளவுதான்.

ஒரு சின்னச் சுற்றை எடுத்துக்கொள்வோம். ஏ, பி என்று இரண்டு ஜேகே ஃபிளிப்ஃப்ளாப்கள். இரண்டுக்கும் ஒரே கிளாக், ஒரே நேரத்தில். இரண்டின் கே உள்ளீடும் நிரந்தரமாக 1. ஏயின் ஜே உள்ளீட்டுக்குப் பியின் தலைகீழ் வெளியீடு போகிறது. பி 0 ஆக இருக்கும்போது அது 1. பியின் ஜே உள்ளீட்டுக்கு ஏயின் வெளியீடு நேராகப் போகிறது. விடை எழுதும்போது பியை இடப்பக்கமும் ஏயை வலப்பக்கமும் வைப்போம். தொடக்கம் 00.

முதல் பல்ஸ். பி 0 என்பதால் ஏயின் ஜே 1, கே எப்போதும் 1. ஆகவே ஏ டாகிள் ஆகி 1 ஆகிறது. இப்போது பியின் முறை. அதன் ஜே, ஏயைப் பொறுத்தது. ஏ என்ன? காகிதத்தில் இப்போதுதான் 1 என்று எழுதினோம். ஆனால் பல்ஸ் வந்த கணத்தில் ஏ 0 ஆகத்தான் இருந்தது. எதை எடுப்பது?

பழையதைத்தான் எடுக்க வேண்டும். கிளாக்கின் விளிம்பு வரும் கணத்தில் எல்லா உள்ளீடுகளையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்த பிறகு யார் அசைந்தாலும் படம் மாறாது. ஏ 1 ஆக மாறுவது அந்த விளிம்புக்குச் சில நானோ விநாடிகள் கழித்துத்தான். அதற்குள் பி தன் முடிவை எடுத்துவிட்டது. ஆகவே பியின் ஜே 0, கே 1. பி 0 ஆகவே இருக்கிறது. முதல் பல்ஸுக்குப் பின் 01.

இரண்டாவது பல்ஸ். பி இன்னும் 0, எனவே ஏ டாகிள் ஆகி 0 ஆகிறது. பல்ஸ் வரும்போது ஏ 1 ஆக இருந்ததால் பிக்கு ஜேயும் கேயும் 1. அதுவும் டாகிள் ஆகி 1 ஆகிறது. விடை 10. மூன்றாவது பல்ஸில் பி 1 என்பதால் ஏயின் ஜே 0, கே 1. ஏ 0 ஆகவே இருக்கும். ஏ 0 ஆக இருந்ததால் பியின் ஜே 0, கே 1. பி 0 ஆகிறது. மறுபடி 00. வரிசை 00, 01, 10, பிறகு 00. மூன்று நிலைகளில் சுற்றும் மாட்-3 கவுண்டர் இது.

அந்தப் பள்ளத்தில் விழுந்தவர் என்ன எழுதியிருப்பார்? முதல் பல்ஸில் ஏயின் புதிய 1 ஐயே பியின் ஜேக்குக் கொடுத்து, பியையும் டாகிள் செய்து, 11 என்று எழுதுவார். இரண்டாவது பல்ஸில் பி 1 என்பதால் ஏ 0 ஆகும். அந்தப் புதிய 0 ஐப் பிக்குக் கொடுத்தால் பியும் 0 ஆகும். 00, 11, 00, 11 என்று இரண்டே நிலைகளில் ஓடும் ஒரு மாட்-2 கவுண்டர் கிடைக்கும். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. வரிசை சுற்றி வந்துவிட்டதே என்று திருப்தியோடு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். அதனால்தான், வரிசை மூடிக்கொள்வதை மட்டும் சரிபார்ப்பாகக் கொள்ளக் கூடாது என்கிறேன்.

இதைத் தவிர்க்க அட்டவணையின் அமைப்பே உதவும். ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு வரி. முதலில் இப்போதைய நிலை. அடுத்து நான்கு உள்ளீடுகளின் மதிப்பையும் இப்போதைய நிலையிலிருந்து மட்டுமே எடுத்து எழுதுங்கள். நான்கையும் எழுதி முடிக்கும்வரை அடுத்த நிலையின் கட்டத்தில் பேனா படக் கூடாது. ஏயை முடித்துவிட்டுப் பிக்கு வருகிற பழக்கம்தான் தவறின் ஊற்று.

இன்னொரு வழியாகவும் விடையைச் சோதிக்கலாம். இந்தச் சுற்றில் கே எப்போதும் 1 என்பதால், 1 ஆக இருக்கும் ஃபிளிப்ஃப்ளாப் அடுத்த பல்ஸில் 0 ஆகியே தீரும். 0 ஆக இருப்பது, ஜே 1 ஆனால் மட்டும் 1 ஆகும். ஆகவே இரண்டும் 0 ஆக இருந்தால் மட்டுமே ஏ அடுத்து 1 ஆகும். ஏ 1, பி 0 என்றால் மட்டுமே பி அடுத்து 1 ஆகும். இந்த இரண்டு வாக்கியங்களை வைத்து மேலே உள்ள வரிசையைப் பாருங்கள், பொருந்துகிறது. 11 என்ற நிலை எந்த வழியிலும் பிறக்க முடியாது என்பதும் உடனே தெரிந்துவிடும்.

வன்பொருளை நிரலாக எழுதும் வெரிலாக் மொழியிலும் இதே பள்ளம் அப்படியே இருக்கிறது. நம் சுற்றை இப்படி எழுதலாம்:

```
always @(negedge clk) begin
  A <= ~A & ~B;
  B <= A & ~B;
end
```

இங்கே `<=` என்ற குறி, வலப்பக்கத்தில் பழைய மதிப்புகளை எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாக மாற்றச் சொல்கிறது. அதற்குப் பதில் `=` என்று போட்டால் முதல் வரி முடிந்து ஏ மாறிய பிறகே இரண்டாம் வரி ஓடும். சிமுலேஷனில் வருவது 00, 11, 00, 11. காகிதத்தில் விழுந்தவருக்குக் கிடைத்த அதே தவறான வரிசை.

இனி ரிப்பிள் கவுண்டர். இங்கே வெளிக் கிளாக் முதல் ஃபிளிப்ஃப்ளாப்புக்கு மட்டும்தான். முதலாவதன் வெளியீடு இரண்டாவதற்குக் கிளாக், இரண்டாவதன் வெளியீடு மூன்றாவதற்குக் கிளாக். எல்லாமே டாகிள் செய்யும்படி கட்டப்பட்டவை. இங்கே பழைய மதிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தால் விடை வராது. முந்தைய ஃபிளிப்ஃப்ளாப் மாறுகிறதா, எந்தத் திசையில் மாறுகிறது என்பதே கேள்வி. 7493 போல இறங்கு விளிம்பில் வேலை செய்யும் கவுண்டரில், முந்தையது 1 இலிருந்து 0 ஆகும்போது மட்டும் அடுத்தது திரும்பும்.

மூன்றிலிருந்து நான்குக்குப் போவதை மெதுவாகப் பாருங்கள். இருப்பது 011. பல்ஸ் வந்ததும் கடைசி பிட் 0 ஆகிறது: 010. அது 1 இலிருந்து 0 ஆனதால் நடு பிட் திரும்புகிறது: 000. அதுவும் 1 இலிருந்து 0 ஆனதால் முதல் பிட் எழுகிறது: 100. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே 2, 0 என்ற இரண்டு எண்கள் சில பத்து நானோ விநாடிகளுக்குள் தோன்றி மறைகின்றன. எல்இடியில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 000 வந்ததும் சைகை தரும்படி ஒரு கேட்டை இணைத்திருந்தால், அதன் வெளியீட்டில் ஒரு மெல்லிய கூர்முனை எழும். அது இன்னொரு கவுண்டரின் கிளாக்குக்குப் போனால் கணக்கில் ஒன்று கூடிவிடலாம். எண்ணிக்கை அவ்வப்போது காரணமில்லாமல் தாவினால் முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

ஆறாவது பல்ஸில் 110 வந்தவுடன் ரீசெட் ஆகும் மாட்-6 கவுண்டரிலும் இப்படித்தான். 110 ஒரு கணம் உண்மையிலேயே வரும், வந்தால்தான் ரீசெட் நடக்கும். ஆனாலும் அதை ஒரு நிலையாக எண்ணக் கூடாது. 0 முதல் 5 வரை ஆறு நிலைகள், அவ்வளவுதான். 110ஐயும் சேர்த்து மாட்-7 என்று எழுதுவது அடிக்கடி நடக்கிற பிழை.

ஏறு விளிம்பில் மாறும் 7474ஐ வைத்து ரிப்பிள் கவுண்டர் கட்டி, நேர் வெளியீட்டையே அடுத்ததன் கிளாக்குக்குக் கொடுத்தால், முதல் பல்ஸிலேயே 000 இலிருந்து 111க்குத் தாவும், பிறகு 110, 101 என்று இறங்கும். சுற்று கெடவில்லை; சரியாகத்தான் எண்ணுகிறது, கீழ்நோக்கி. தலைகீழ் வெளியீட்டைக் கொடுத்தால் மேல்நோக்கி எண்ணும்.

ஆய்வகத்தில் பலகையில் கட்டிப் பார்ப்பவருக்கு இன்னொரு தொல்லை, பொத்தானை அழுத்திக் கையால் பல்ஸ் கொடுப்பது. உலோகத் தொடுமுனைகள் சேரும்போது சில மில்லி விநாடிகள் துள்ளும். ஒருமுறை அழுத்தினால் பல பல்ஸ்கள் போய்விடும். அட்டவணை 01 என்று சொல்ல, எல்இடி 10 காட்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் தாவினால் குற்றம் பொத்தானுடையது. எப்போதும் ஒரே மாதிரி தவறினால் குற்றம் இணைப்பிலோ அட்டவணையிலோ இருக்கிறது. இரண்டு கேட்களால் ஆன லாட்ச் ஒன்றை இருவழிப் பொத்தானோடு சேர்த்தால் துள்ளல் நின்றுவிடும்.

கடைசியாக, வரிசையில் வராத நிலைகள். மாட்-3 சுற்றில் 11 வராது என்றோம். ஆனால் மின்சாரம் போட்டவுடன் ஃபிளிப்ஃப்ளாப்கள் எந்த நிலையில் எழும் என்பதற்கு உறுதி கிடையாது. 11 ஆகவே எழுந்தால்? நம் இரண்டு வாக்கியங்களின்படி அடுத்த பல்ஸில் 00 ஆகி வரிசையில் சேர்ந்துவிடும். எல்லாச் சுற்றும் இப்படித் தானே திருந்தாது. மூன்று டி ஃபிளிப்ஃப்ளாப்களை வரிசையாக இணைத்து, கடைசியின் தலைகீழ் வெளியீட்டை முதலாவதற்குக் கொடுத்தால் அது ஜான்சன் கவுண்டர். அதன் வரிசை 000, 100, 110, 111, 011, 001. ஆறு நிலைகள். மிச்சமிருக்கும் 010இல் தொடங்கினால் 101க்குப் போகும், அங்கிருந்து மறுபடி 010, வெளியே வரவே வராது. ஓடும் விளக்குகளுக்குப் பயன்படும் 4017 சிப்பும் ஐந்து கட்ட ஜான்சன் கவுண்டர்தான். அது தவறான சுற்றில் மாட்டிக்கொள்ளாதபடி உள்ளேயே கூடுதல் கேட்கள் வைத்திருக்கிறார்கள். நீங்கள் தனித்தனி ஃபிளிப்ஃப்ளாப்களால் கட்டினால் அந்த உதவி கிடையாது. ஆகவே மூன்று ஃபிளிப்ஃப்ளாப் என்றால் அட்டவணையில் எட்டு வரிகளையும் எழுதுங்கள், ரீசெட் பின்னை எங்கும் இணைக்காமல் விட்டுவிடாதீர்கள்.