அழைப்பு வந்ததும் இயர்போன் ஒலி ஏன் மங்குகிறது?

புளூடூத் இயர்போனுக்குப் பாட்டு ஒரு வழியிலும் தொலைபேசிப் பேச்சு வேறு வழியிலும் வருகின்றன. காதில் இருக்கும் கருவி ஒன்றுதான், அதற்குள் இருக்கும் ஸ்பீக்கரும் ஒன்றுதான். ஆனால் அழைப்பை எடுத்த நொடியில் போனும் இயர்போனும் பாட்டுக்கான இணைப்பை நிறுத்திவிட்டு, பேச்சுக்கான இணைப்புக்கு மாறிக்கொள்கின்றன. குரல் மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பது அந்த மாற்றத்தால்தான். இதைப் பெரும்பாலும் சிக்னல் கோளாறு என்றோ, மலிவான இயர்போனின் குறை என்றோ நினைத்துக்கொள்கிறோம். விலை உயர்ந்த இயர்போனிலும் இது நடக்கும்.

பாட்டுக்கான வழியின் பெயர் ஏ2டிபி. இதில் ஒலி ஒரே திசையில், போனிலிருந்து காதுக்கு மட்டும் போகிறது. குறுந்தகடு தரத்தில் உள்ள பாட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடமும் வலமுமாக இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட் வரும். இவ்வளவையும் அப்படியே காற்றில் அனுப்புவது புளூடூத்துக்குச் சுமை. எனவே போன் அதைச் சுருக்கி அனுப்ப, இயர்போன் விரித்துக்கொள்கிறது. சுருக்கி விரிக்கும் அந்த முறைதான் கோடெக். ஏ2டிபி உள்ள எல்லாக் கருவிகளிலும் இருந்தே ஆக வேண்டிய எஸ்பிசி கோடெக், நல்ல தரத்தில் நொடிக்கு 328 கிலோபிட் அனுப்புகிறது. எல்டாக் 990 கிலோபிட் வரை போகும்.

இந்தத் தரம் கிடைக்க ஒரு காரணம், பாட்டுக்கு அவசரம் இல்லாததுதான். வந்த ஒலியை இயர்போன் உடனே ஒலிக்காமல் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு, பத்தில் ஒரு பங்கு நொடியோ அதற்கு மேலோ தாமதித்து ஒலிக்கிறது. இடையில் ஒரு பொட்டலம் கெட்டுப்போனால் போன் அதை மறுபடியும் அனுப்ப நேரம் இருக்கிறது. பாட்டு ஒரு கணம் பின்தங்கி ஒலிப்பதைக் கேட்பவர் உணர்வதே இல்லை.

பேச்சில் இந்தச் சலுகை கிடையாது. ஒரு முனையில் சொன்னது மறுமுனைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 150 மில்லிநொடிக்கு மேல் ஆனால், இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி முட்டிக்கொள்வார்கள். கைபேசிக் கோபுரமும் இணையமும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். காதுக்கும் போனுக்கும் இடையில் மிஞ்சுவது மிகக் குறைவு. அதோடு, ஒலி இரண்டு திசையிலும் போக வேண்டும். இதற்கான வழிதான் ஹெச்எஃப்பி.

1999-இல் புளூடூத்தின் முதல் பதிப்பு வந்தபோது, பேச்சுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்ற கேள்விக்குத் தொலைபேசித் துறையில் ஏற்கெனவே விடை இருந்தது. டிஜிட்டல் தொலைபேசி, குரலை நொடிக்கு 8,000 மாதிரிகளாக, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக எடுத்தது. மொத்தம் 64 கிலோபிட். அதே அளவைப் புளூடூத்தும் எடுத்துக்கொண்டது. புளூடூத் ரேடியோ ஒரு நொடியை 1,600 சிறு கூறுகளாகப் பிரித்துக்கொள்கிறது. அந்தக் காலத்து ஏற்பாட்டின்படி, ஆறு கூறுகளுக்கு ஒருமுறை போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரண்டு கூறுகள் பேச்சுக்கென்றே ஒதுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் 240 பிட். கணக்கிட்டால் ஒவ்வொரு திசைக்கும் சரியாக 64 கிலோபிட் வரும். ஆக, ரேடியோவின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தும் கிடைப்பது எஸ்பிசி பாட்டுக்குக் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். சின்னச் சின்னப் பொட்டலங்களாக, தாமதமே இல்லாமல் அனுப்புவதற்குக் கொடுக்கும் விலை அது. தொடக்கத்தில் இந்தப் பொட்டலம் கெட்டால் மறுபடி அனுப்பும் வசதியும் இல்லை. பின்னர் வந்த பதிப்புகளில் ஓரளவு சேர்க்கப்பட்டது.

அந்த 64 கிலோபிட்டுக்குள் குரலை அடைக்கும் பழைய கோடெக் சிவிஎஸ்டி. அது ஒலியின் உயரத்தை எண்ணாகச் சொல்வதில்லை. முந்தைய நிலையிலிருந்து ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை மட்டும் ஒரு பிட்டில் சொல்கிறது, நொடிக்கு 64,000 முறை. ஒன்றிரண்டு பிட் கெட்டாலும் பேச்சு புரியும் என்பது இதன் பலம். ஆனால் அதற்குள் போகும் குரல் 8,000 மாதிரி அளவுக்கு ஏற்கெனவே குறைக்கப்பட்டது. மாதிரி எண்ணிக்கையில் பாதிக்கு மேல் உள்ள அதிர்வுகளைப் பிடிக்க முடியாது என்பதால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. நடைமுறையில் 3,400-ஓடு நின்றுவிடும்.

இந்த இழப்பு எங்கே தெரியும் என்றால், இனிஷியல் சொல்லும்போது. ‘எஸ்’ஸா ‘எஃப்’பா என்று காட்டும் சீறல் ஒலியின் வலிமை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். பெயரைச் சொல்பவர் “எஸ், சேலத்துக்கு வர்ற எஸ்” என்று விளக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

2011-இல் வந்த ஹெச்எஃப்பி 1.6 பதிப்பு, எம்எஸ்பிசி என்ற கோடெக்கைச் சேர்த்தது. இடம் அதே 64 கிலோபிட்தான். சுருக்கும் முறை மேம்பட்டதால் 16,000 மாதிரிகள் அதற்குள் அடங்கின, 7,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி கிடைத்தது. பேச்சுக்கு இது நல்ல முன்னேற்றம். ஆனாலும் ஒரே தடம்தான், இடம் வலம் கிடையாது. போன், இயர்போன் இரண்டில் ஒன்று எம்எஸ்பிசியை அறியாததாக இருந்தாலும் இணைப்பு சிவிஎஸ்டிக்கு இறங்கிவிடும். பெட்டியில் எல்டாக் என்று அச்சிட்டிருப்பது இங்கே உதவாது, அது ஏ2டிபிக்கு மட்டுமே உரியது.

மடிக்கணினியில் இதை நேரே கேட்கலாம். இயர்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வீடியோ கூட்டத்தில் சேர்ந்தால், கூட்டச் செயலி இயர்போனின் மைக்கைத் திறக்கும். மைக் ஏ2டிபியில் இல்லை, ஹெச்எஃப்பியில்தான் இருக்கிறது. உடனே பாட்டு மங்கி, ஒற்றைத் தடமாகிவிடும். கூட்டத்தை மூடினால் சில நொடிகளில் பழைய ஒலி திரும்பும். விண்டோஸ் 10-இல் ஒரே இயர்போன் Stereo என்றும் Hands-Free AG Audio என்றும் இரண்டு பெயர்களில் பட்டியலில் நிற்பது இந்த இரு வழிகளைத்தான் காட்டுகிறது. கூட்டச் செயலியின் அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கராக Stereo என்ற பெயருள்ளதையும் தேர்ந்தெடுத்தால், இயர்போன் ஏ2டிபியிலேயே இருக்கும். எதிர்முனைக் குரல் தெளிவாகும், நம் குரலும் புளூடூத்தின் குறுகல் இல்லாமல் போகும். அறைச் சத்தம் மைக்கில் கூடுதலாக விழும் என்பது இதன் குறை. மைக்கை மாற்றிய பிறகும் குரல் மங்கலாகவே இருந்தால், கோளாறு இணையத்திலோ எதிர்முனையின் இயர்போனிலோ இருக்கிறது. அவர் பேசுவது ஹெச்எஃப்பி வழியாக வந்தால், நம்மிடம் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் அவர் குரல் குறுகித்தான் கேட்கும்.

எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தப் பிரிவினையையே நீக்குகிறது. அதில் எல்சி3 என்ற ஒரே கோடெக் பாட்டுக்கும் பேச்சுக்கும் பொது. மைக் திறந்திருக்கும்போதும் 32,000 மாதிரிகள் வரை இரு திசையிலும் அனுப்ப முடியும். இதற்கு வேண்டிய ரேடியோ ஏற்பாடு புளூடூத் 5.2-இல் வந்தது. ஆனால் எல்இ ஆடியோ கட்டாயம் இல்லை என்பதால், 5.3 என்று எழுதிய இயர்போனிலும் அது இல்லாமல் இருக்கலாம். வாங்கும்போது LE Audio அல்லது LC3 என்ற பெயர் இயர்போனின் விவரத்திலும் போனின் விவரத்திலும் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.