நாலு பில், ஒரே செக்: எந்தத் தேதி போட்டா ரெண்டு பேருக்கும் நஷ்டம் இல்ல?

கோவில்பட்டின்னாலே கடலைமிட்டாய்தான். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின பொருள். அந்த மிட்டாய்க்குப் பின்னாடி ஒரு கடன் கணக்கு ஓடுது. பட்டறைக்காரர் மண்டியில் கடலைப்பருப்பைக் கடனுக்கு எடுப்பார். ஒவ்வொரு லோடுக்கும் ஒரு பில், ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு கெடு. ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

நவம்பர் 1-ம் தேதி பட்டறைக்காரர் கையில் இருக்கும் பில்கள் இவை:

| கெடு தேதி | தொகை (ரூ.) |
|---|---|
| நவம்பர் 5 | 50,000 |
| நவம்பர் 20 | 30,000 |
| டிசம்பர் 10 | 1,20,000 |
| ஜனவரி 4 | 2,00,000 |

"அண்ணாச்சி, நாலு தடவை அலைய வேண்டாம். மொத்தம் 4 லட்சத்தையும் ஒரே செக்கா தந்துடுறேன்"னு கேட்கிறார். மண்டிக்காரர் விரல் விட்டு எண்ணி, "நாலு தேதிக்கும் சராசரி பார்த்தா டிசம்பர் 3 வருது தம்பி, அன்னைக்குப் போட்ருங்க" என்கிறார்.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா பட்டறைக்காரருக்கு இதில் நஷ்டம். ஏன்னா தேதிகளை மட்டும் சராசரி எடுத்தால், 30,000 ரூபாய்க்கும் 2 லட்சத்துக்கும் ஒரே மதிப்பு கொடுத்த மாதிரி ஆகிடும். பெரிய தொகையின் கெடு கடைசியில் இருக்கு. அதனால் பொதுத் தேதியும் அந்தப் பக்கம் தள்ளித்தான் வரணும்.

சரியான தேதி எப்படி வரும்?

இதற்குப் பெயர் சராசரி தவணை நாள். முதல் கெடுவான நவம்பர் 5-ஐ அடிப்படை நாளா வைங்க. அங்கிருந்து ஒவ்வொரு கெடுவும் எத்தனை நாள் தள்ளி இருக்குன்னு எண்ணி, அந்தந்தத் தொகையால் பெருக்குங்க.

- 50,000 × 0 = 0
- 30,000 × 15 = 4,50,000
- 1,20,000 × 35 = 42,00,000
- 2,00,000 × 60 = 1,20,00,000

பெருக்கல்களின் கூட்டுத்தொகை 1,66,50,000. இதை மொத்தக் கடனான 4,00,000-ஆல் வகுத்தால் 41.6, அதாவது 42 நாள். நவம்பர் 5-லிருந்து 42 நாள் எண்ணினால் டிசம்பர் 17.

எக்செல்லில் A2 முதல் A5 வரை தேதி, B2 முதல் B5 வரை தொகை போட்டு இதைக் கொடுத்தால் போதும் (விடை வரும் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாத்திக்கோங்க):

```
=A2+ROUND(SUMPRODUCT(B2:B5,A2:A5-A2)/SUM(B2:B5),0)
```

சரிதானான்னு பார்த்துடுவோம்

ஆண்டுக்கு 12% தனிவட்டின்னு வைப்போம். டிசம்பர் 17-ல் கொடுத்தால் முதல் மூணு பில்லும் தாமதமாகுது. அதில் மண்டிக்காரர் இழக்கும் வட்டி 1,233 ரூபாய். கடைசி 2 லட்சம் 18 நாள் முன்கூட்டியே கிடைக்குது. அதில் அவருக்கு லாபம் 1,184 ரூபாய். வித்தியாசம் வெறும் 49 ரூபாய், அதுவும் 41.6-ஐ 42 ஆக்கியதால் வந்தது. டிசம்பர் 3-ல் கொடுத்திருந்தால்? 4 லட்சத்தை 14 நாள் முன்னாடியே கொடுத்த கணக்கு. பட்டறைக்காரருக்கு சுமார் 1,840 ரூபாய் வட்டி போச்சு.

இன்னொரு வசதியும் இருக்கு. பணம் ஜனவரி 10-க்குத்தான் புரண்டதுன்னா, நாலு பில்லுக்குத் தனித்தனியா வட்டி போட வேண்டாம். டிசம்பர் 17-லிருந்து 24 நாளுக்கு 4 லட்சத்துக்கு வட்டி 3,156 ரூபாய். ஒரே வரியில் முடிஞ்சது.

எங்கே தப்பு நடக்கும்?

அடிக்கடி நான் பார்க்கிற தப்பு, கெடு தேதிக்குப் பதிலா பில் தேதியை வைத்துக் கணக்கு போடுவது. எல்லா பில்லுக்கும் ஒரே 30 நாள் கடன்னா, விடை அப்படியே 30 நாள் முன்னாடி வந்து நிற்கும். பார்த்ததும் கண்டுபிடிச்சிடலாம். ஒரு பில்லுக்கு 15 நாள், இன்னொன்றுக்கு 45 நாள்னு இருந்தால் தப்பு வெளியே தெரியாது. அதனால் முதலில் கெடு தேதியை எழுதி வைச்சுக்கோங்க.

அடுத்தது சட்டம். சரக்கு கொடுப்பவர் மண்டி வியாபாரியா இல்லாமல், உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளரா இருந்தால் கவனம் தேவை. உதாரணமா, டப்பா செய்து தருபவர். 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கடன் போகக் கூடாது. நம்ம உதாரணத்தில் முதல் பில் 42 நாள் தள்ளிப் போகுது. அது ஏற்கெனவே 30 நாள் கடன்னா மொத்தம் 72 நாள் ஆகிடும். ரெண்டு பேரும் மனசார சம்மதிச்சாலும் இந்த வரம்பு மாறாது. தாமதத்துக்கு வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டுவட்டி என்கிறது 16-வது பிரிவு. அப்படிப்பட்ட பில்லைத் தனியா எடுத்து அதன் கெடுவுக்குள் கட்டிட்டு, மீதியை மட்டும் ஒரே தேதிக்குக் கொண்டு வாங்க.

தேதி முடிவானதும் பில் எண்கள், மொத்தத் தொகை, புதுக் கெடு, தாண்டினால் என்ன வட்டி, இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. முதல் கெடு வருவதற்கு முன்னாடியே இதைச் செய்துடுங்க. நாலு பில்லையும் வைத்து எக்செல்லில் போட்டுக் காட்டும் வீடியோ நம்ம சேனலில் இருக்கு. உங்க பில்களோட ஒருமுறை போட்டுப் பாருங்க.