திருடனைக் காவலுக்கு வைத்த கதை

விருதுநகர் வாசகர் ஒருவரின் கடிதம்: "சார், நான் செய்த தண்ணீர்த் தொட்டி அலாரத்தில் 4093 ஐ.சி. திடீரென்று கொதித்தது, விரல் வைக்க முடியவில்லை. பதறிப்போய் சுவிட்சை அணைத்தேன். மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்கிறது. என்ன மாயம்?"

மாயம் இல்லை, லாட்ச் அப்.

எங்கள் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவும்போது ரப்பர் குழாயை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுப்பேன். அப்புறம் நான் எழுந்து போனாலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். குழாயைத் தூக்கினால்தான் நிற்கும். சிமாஸ் சில்லுக்குள்ளும் அப்படி ஒரு குழாய் உண்டு. இரண்டு வகை டிரான்சிஸ்டர்களையும் ஒரே சிலிக்கான் துண்டில் அடுத்தடுத்து வைப்பதால், பி-என்-பி-என் என்று நான்கு அடுக்கு தானாகவே அமைந்துவிடுகிறது. யாரும் கேட்காமல் வந்து உட்கார்ந்த தைரிஸ்டர் அது. ஒருமுறை திறந்தால், சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். சுவிட்சை அணைப்பதுதான் குழாயைத் தூக்குவது. நம் வாசகர் சில நொடி தாமதித்திருந்தால் ஐ.சி. கருகியிருக்கும்.

முதல் இழுப்பை இழுத்தது யார்? அவர் வரைந்தனுப்பிய படத்தில் பதில் இருக்கிறது. ஐ.சி.க்கு 5 வோல்ட். சென்சாரோ 12 வோல்ட்டை நேராக அதன் உள்ளீட்டுக் காலில் கொடுக்கிறது. ஒவ்வொரு காலிலும் சப்ளைக்கும் கிரவுண்டுக்குமாகக் காவல் டயோடுகள் உண்டு. 12 வோல்ட் வந்ததும் மேல் டயோடு திறந்து, கட்டுப்பாடில்லாத மின்னோட்டம் உள்ளே புகுந்து அந்தத் தைரிஸ்டரைத் தட்டி எழுப்பிவிட்டது. நடுவில் ஒரு 10 கிலோ ஓம் மின்தடை போட்டால் நுழைவது 0.63 மில்லி ஆம்பியர்தான். இந்த வகை ஐ.சி.க்கள் ஒரு காலில் 10 மில்லி ஆம்பியர் வரை பொறுக்கும்.

அந்த டயோடுகள் ஏன் அங்கே இருக்கின்றன? நம் விரலுக்குப் பயந்துதான். டிரான்சிஸ்டரின் கேட்டுக்கு அடியில் உள்ள ஆக்சைடு, ஒரு நானோமீட்டர் தடிமனுக்குச் சுமார் ஒரு வோல்ட்தான் தாங்கும். நம் உடம்பில் சேரும் நிலைமின்னோ 3000 வோல்ட்டைத் தொடும்வரை நமக்குச் சுருக்கென்றுகூட உறைப்பதில்லை. சோதனைச்சாலையில் மனித உடம்புக்குப் பதிலாக 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியும் 1500 ஓம் மின்தடையும் வைக்கிறார்கள். 2000 வோல்ட் ஏற்றிக் கொட்டினால் உச்சத்தில் 1.3 ஆம்பியர் பாயும். ஒரு மைக்ரோ நொடிக்குள் அடங்கிவிடும்.

எனக்குப் பிடித்த வேடிக்கை இனிமேல்தான். அந்தப் பொறியை விழுங்க மிகச் சிறிய இடத்தில் மிக அதிக மின்னோட்டத்தைக் கடத்தும் கருவி எது என்று தேடிய வடிவமைப்பாளர்கள், கடைசியில் அதே தைரிஸ்டரிடம் போய் நின்றார்கள்! பல சில்லுகளில் இப்போது காவல்காரனே அவன்தான். ஒரே நிபந்தனை: அவன் கைவிடும் மின்னழுத்தம் சப்ளையைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொறி அடங்கிய பிறகும் பிடியை விடமாட்டான். பழைய திருட்டு தொடங்கிவிடும். சில்லின் மற்ற இடங்களில் அவனைச் சுற்றி வளையங்கள் போட்டு, சிதறும் மின்னோட்டத்தை வழியிலேயே வடித்துவிடுகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த ஐ.சி.யை நம் ஊரில் எங்கே வைக்கிறோம்? தெர்மாகோலில் குத்தி! உரசினாலே மின்னேறும் பொருள் அது. அதில் அடிபட்ட ஐ.சி.க்களில் சில உடனே சாகாமல், ஆறு மாதம் கழித்து உயிரை விடும். பழி கடைக்காரர் மேல் விழும். மின்சாரம் கடத்தும் கறுப்பு ஃபோம் கிடைக்காவிட்டால் சமையலறை அலுமினியத் தாளில் கால்களைச் சுற்றி வையுங்கள், போதும்.