கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால் சண்டை முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிரிவதில்தான் சம்மதம் வந்திருக்கிறது. பணத்திலும் பிள்ளையிலும் வந்திருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் எழுத்தில் இல்லாமல் மனு போட்டால் வழக்கு பாதியில் நிற்கும், அல்லது தீர்ப்புக்குப் பிறகு வேறு பெயரில் மறுபடி தொடங்கும்.

இந்து திருமணச் சட்டத்தில் இந்த வழி 1976-இல்தான் சேர்ந்தது. அதன் 13பி பிரிவின்படி, கணவனும் மனைவியும் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து குடும்பநல நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், மீண்டும் வந்து ‘இப்போதும் சம்மதம்தான்’ என்று சொன்னால் தீர்ப்பு கிடைக்கும். இந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் மனம் மாறலாம். தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உடன்படிக்கையை எழுதும்போது மறக்கக் கூடாத உண்மை இது.

ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். கணவருக்கு மாதம் 90,000 ரூபாய் சம்பளம். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 28,000 வாங்குகிறார். ஏழு வயதில் ஒரு மகள். இருவர் பெயரிலும் சம பங்காக ஒரு அடுக்குமாடி வீடு இருக்கிறது. இன்றைய மதிப்பு 50 லட்சம், கடன் பாக்கி 20 லட்சம். மனைவியின் 40 பவுன் நகை மாமியார் பெயரில் உள்ள லாக்கரில் இருக்கிறது. ‘15 லட்சம் தருகிறேன், வீட்டை எனக்கு எழுதிக்கொடு, கணக்கை முடித்துக்கொள்வோம்’ என்கிறார் கணவர். மனைவி வீட்டாருக்கு அது பெரிய தொகையாகத் தெரிகிறது.

கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும். வீட்டில் கடன் போக மிச்சம் 30 லட்சம். அதில் பாதி, 15 லட்சம், மனைவியுடையது. ஜீவனாம்சம் என்ற பெயரில் அவருக்கு வருவது அவருடைய சொந்தப் பங்குதான். ஜீவனாம்சமாக ஒரு பைசாகூட இல்லை. அதனால் மூன்று கணக்குகளையும் தனித்தனியாக எழுத வேண்டும். நகையும் சீர்வரிசையும் மனைவியின் சொத்து. அவற்றைத் திருப்பித் தருவது ஜீவனாம்சம் ஆகாது. வீட்டுப் பங்கு இரண்டாவது கணக்கு. இவை போக மனைவியின் வாழ்க்கைக்கு என்ன தருவது என்பது மூன்றாவது.

இந்த மூன்றாவது தொகைக்குச் சட்டத்தில் சூத்திரம் எதுவும் இல்லை. இருவரின் வருமானம், சொத்து, வாழ்ந்த வசதி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். மொத்தத் தொகையா, மாதத் தொகையா என்று தயங்குபவர்களுக்கு வங்கி வட்டி ஓர் அளவுகோல். 7 சதவீத வட்டியில் 8 லட்சம் போட்டுவைத்தால் மாதம் சுமார் 4,670 ரூபாய் வரும். ‘என் சம்பளத்தோடு இது போதுமா?’ என்று மனைவி யோசிக்கலாம். மாதத் தொகையாக இருந்தால், சூழ்நிலை மாறியது என்று சொல்லி யாரும் நீதிமன்றத்தில் அதைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம். மனைவி மறுமணம் செய்தால் நிறுத்தவும் கேட்கலாம். ஒரே தவணையில் கைக்கு வந்த பணத்துக்கு இந்த இழுபறி அநேகமாக இல்லை. நம் தம்பதி 8 லட்சத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள். வீட்டுப் பங்கோடு சேர்த்து 23 லட்சம்.

அடுத்த கேள்வி, எதை எப்போது தருவது? எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்தால் மனைவி இரண்டாம் முறை வராமல் போகலாம் என்று கணவர் பயப்படுவார். எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளினால் மனைவிக்குப் பயம். அதனால் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் ஒரு நாளோடு கட்டுகிறார்கள். மனு போடுவதற்கு முன்பே நகையை எடை போட்டு, பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டு ஒப்படைப்பது. மனு போடும் நாளில் 4 லட்சம். மீதி 19 லட்சத்துக்கு வங்கி வரைவோலை, இரண்டாம் முறை ஆஜராகும் நாளில் நீதிபதி முன்னிலையில். அன்றே மனைவி வீட்டுக்கான விடுதலைப் பத்திரத்திலும் கையெழுத்திடுவார்.

வீட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘இனி கடனைக் கணவரே கட்டுவார்’ என்று இவர்கள் எழுதிக்கொள்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. மனைவி இணைக் கடன்தாரராக இருந்தால், அவர் தவணை தவறும்போது வங்கி இவரிடம்தான் வரும். கடனிலிருந்து மனைவியின் பெயரை நீக்கியதற்கான வங்கிக் கடிதம் இரண்டாவது ஆஜருக்கு முன் வர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

பிள்ளை விஷயத்தில் விதி வேறு. மனைவி தனக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று சொல்லலாம். ‘மகளுக்கும் எதுவும் கேட்க மாட்டேன்’ என்று எழுதிக்கொடுத்தால் அது மகளைக் கட்டுப்படுத்தாது. அது அவளுடைய உரிமை, தாய் விட்டுக்கொடுக்க முடியாது. நம் தம்பதி மாதம் 15,000 ரூபாய், ஆண்டுதோறும் 7 சதவீத உயர்வு, ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் மனைவியின் வங்கிக் கணக்கில் என்று எழுதுகிறார்கள். உயர்வு எழுதாவிட்டால் மகள் பத்தாம் வகுப்புக்கு வரும்போதும் அதே 15,000தான். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, கல்லூரிச் செலவு ஆகியவற்றில் யாருக்கு எவ்வளவு என்பதும் தனி வரி.

மகள் தாயிடம் இருப்பாள், தந்தை பார்க்கலாம். ‘வசதிப்படி பார்க்கலாம்’ என்று எழுதினால் அடுத்த வழக்குக்கு விதை போட்டாயிற்று. மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை 10 மணிக்கு அழைத்துப் போய் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கொண்டுவிடுவது. கோடை விடுமுறையில் பாதி. தீபாவளி, பொங்கல் ஆண்டு மாற்றி ஆண்டு. புதன்கிழமை இரவு 7 மணிக்கு வீடியோ அழைப்பு. மகளின் பாஸ்போர்ட்டுக்கு இருவரும் கையெழுத்திடுவது, ஊர் மாறினால் எத்தனை நாள் முன்பு சொல்வது என்பதும் இதில் சேரும். பணம் வரவில்லை என்று குழந்தையைக் காட்ட மறுக்கக் கூடாது, காட்டவில்லை என்று பணத்தை நிறுத்தக் கூடாது என்பதையும் எழுதுவது நல்லது. ஆனால் எதையும் ‘இறுதி முடிவு’ என்று எழுதிப் பயனில்லை. குழந்தையின் நலனுக்காக இந்த ஏற்பாட்டை நீதிமன்றம் பிறகும் மாற்றலாம்.

நிலுவையில் உள்ள வழக்குகளையும் பட்டியலிட வேண்டும். குடும்ப வன்முறை மனுவை மனைவி திரும்பப் பெறலாம். வரதட்சணைக் கொடுமைக்கு முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தால் அப்படி முடியாது. உயர் நீதிமன்றத்தில் இருவரும் சமரசத்தைச் சொல்லித்தான் ரத்து செய்ய வேண்டும். அந்த வேலையை யார் எப்போது செய்வார் என்றும் எழுத வேண்டும்.

இத்தனையும் முத்திரைத்தாளில் இருந்தால் மட்டும் போதாது. மனுவோடு இணைத்து, தீர்ப்பின் பகுதியாக ஆக்கும்படி கேட்க வேண்டும். அப்போதுதான் ஒரு தவணை தவறினாலும் புது வழக்குப் போடாமல் நிறைவேற்றுதல் மனு போட முடியும். உடன்படிக்கை முழுமையாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்து வாழ்ந்து, சமரச முயற்சியும் பலிக்காமல், ஜீவனாம்சம், பிள்ளை எல்லாவற்றையும் உண்மையாகவே தீர்த்துக்கொண்டவர்களுக்கு அந்த ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் தம்பதி பிரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால், மேசையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்ட சில வாரங்கள், நீதிமன்ற வாசலில் காத்திருக்க வேண்டிய ஆறு மாதத்தை மிச்சப்படுத்தக்கூடும்.