செயலியைத் தள்ளிவிட்டால் தகவல் எங்கே போகிறது?

சிக்னல் இல்லாத ஊரில் மின் மீட்டர் கணக்கைப் போனில் பதிகிறார் ஓர் ஊழியர். நெட் வந்ததும் அது தானாகவே சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கென்றே ஒர்க்மேனேஜர் இருக்கிறது. ஒப்படைத்த வேலையைப் போனுக்குள் ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைத்துக்கொள்வதால், போனை அணைத்துப் போட்டாலும் அது மறக்காது.

சில போன்களில்தான் சிக்கல். பேட்டரியை மிச்சப்படுத்தும் வேகத்தில், சமீபத்திய செயலிகள் பட்டியலிலிருந்து செயலியைத் தள்ளிவிட்டாலே அதை முழுக்க முடக்கிவிடுகின்றன. சிஸ்டத்திடம் காத்திருந்த வேலைகளும் ரத்தாகின்றன. சந்தேகம் இருந்தால், தள்ளுவதற்கு முன்னும் பின்னும் இந்தக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள்:

```
adb shell dumpsys jobscheduler
```

முன்பு இருந்த உங்கள் செயலியின் வேலை பிறகு காணவில்லையென்றால் காரணம் இதுதான்.

தரவுத்தளத்தில் எழுதியது அழிவதில்லை. செயலியை அடுத்த முறை திறந்ததும் ஒர்க்மேனேஜர் நடந்ததைக் கண்டுகொண்டு வேலையை மீண்டும் பதிவு செய்யும். திறக்கும்வரை எதுவும் நகராது. எந்த நிரல் வரியாலும் இதை மீற முடியாது. எனவே, அனுப்பப்படாத பதிவுகளின் எண்ணிக்கையை முகப்புத் திரையிலேயே காட்டுங்கள். ஆட்டோஸ்டார்ட் அனுமதி தரும் அமைப்பு அந்தப் போனில் எங்கே இருக்கிறது என்பதையும் ஊழியருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.