ஐந்து எண்ணும் வரை காத்திருக்கும் அம்மா

எங்கள் இரண்டாம் வகுப்புக்குச் செவ்வாயும் வியாழனும் மதியம் இரண்டு மணிக்கு ஓர் அம்மா வருகிறார். வராந்தாவில் பாயை விரித்து உட்கார்வார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் அமர்ந்து, ஐந்து நிமிடம் அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள். ஜூனில் தொடங்கியவர், இன்றுவரை ஒரு நாளும் தவறவில்லை. அவருக்கு வகுப்பாசிரியையாக நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன்.

முப்பது பிள்ளைகளும் ஒன்றாகச் சத்தம் போட்டு வாசிக்கும்போது, யார் எழுத்தைப் பார்க்கிறார்கள், யார் பக்கத்துக் குரலோடு ஓடுகிறார்கள் என்று எனக்குப் பிடிபடாது. ஒரு பையன் பாடம் முழுவதையும் கடகடவென்று சொல்வான். அந்த அம்மா நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன கண்ணு?" என்றார். அவன் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்துதான் அந்தச் சொல்லைப் பிடித்தான். பாடம் மனப்பாடம்; எழுத்து இன்னும் பழகவில்லை.

அவன் பார்த்திராத ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தார். 'கொக்கு' என்ற சொல்லில் நின்றுவிட்டான். "கெ..." என்று தொடங்கி, துணைக்காலைப் பார்த்து விழித்தான். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஆனால் ஒலி ஒன்றுதான் என்பது ஏழு வயதில் குழப்பும். அவர் உடனே சொல்லிவிடவில்லை. மனசுக்குள் ஐந்து எண்ணினார். பிறகு சிலேட்டில் 'கொ' எழுதி, சுற்றி ஒரே வட்டம் போட்டார். "மூணும் சேர்ந்து ஒரே எழுத்துப்பா." "கொ... கொக்கு!" என்றான். அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். நடுவில் நின்றால் பொருள் நழுவிவிடும் அல்லவா?

இன்னொரு நாள் 'ஓடுகிறது' என்பதை ஒரு சிறுமி 'ஓடுது' என்று வாசித்தாள். நான் திருத்தப் போனேன். "புரிஞ்சுதானே டீச்சர் சொல்றா" என்றார். உண்மைதான். புரிந்ததை அவள் வீட்டுப் பேச்சில் சொல்கிறாள். கதை முடிந்தபின் எழுதியிருப்பதை ஒருமுறை காட்டினால் போதும். 'பால்' என்பதைப் 'பல்' என்று வாசித்தால்தான் அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஒருவர் நாளைக்கு எட்டுப் பிள்ளைகளைத்தான் கேட்க முடிகிறது. அதனால் ஒரு பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் முறை வருகிறது. இன்னும் மூன்று பேர் வந்தால் வாரம் இருமுறை வரும். அப்பா, சித்தி, தாத்தா, யாராக இருந்தாலும் சரி. இந்த அம்மா எட்டாம் வகுப்புவரை படித்தவர். வாசிக்கத் தெரியாத பாட்டிகளும் வரலாம், பிள்ளை வாசித்த கதையைச் சொல்லச் சொல்லி, "அப்புறம்?" என்று கேட்டால் போதும்.

திட்டக் கூடாது. யார் திணறினார்கள் என்று தெருவில் பேசக் கூடாது. திணறிய சொல்லை மட்டும் நோட்டில் குறித்து என்னிடம் தர வேண்டும். அந்தப் பையனின் பெயருக்கு நேரே அவர் எழுதியிருந்த 'கொ'தான் மறுநாள் என் கரும்பலகையில் பாடமானது.

காலையில் பிள்ளையை விட வரும்போது, உங்களுக்குத் தோதான நாளைச் சொல்லிவிட்டுப் போங்கள். இன்னொரு பாய் எடுத்து வைத்திருக்கிறேன்.