நான்கு மணி நேரம் தவறிய பிறகு

மாரத்தானில் குறிவைத்த நேரத்தைத் தவறவிட்டவருக்கு நல்ல பயிற்சியாளர் உடனே எழுதிவிடுவதில்லை. இரண்டு மூன்று நாள் விட்டு, கைக்கடிகாரத்தில் பதிவான ஒவ்வொரு கிலோமீட்டரையும் பார்த்த பிறகுதான் எழுதுகிறார். ஓடிய அன்றே எழுதினால் அதில் ஆறுதலைத் தவிர வேறொன்றும் இருக்காது.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். 10 கி.மீ. தூரத்தை 52 நிமிடத்தில் ஓடக்கூடிய ஒருவர், மாரத்தானை 4 மணி நேரத்துக்குள் முடிக்க நினைத்து 4:12-இல் முடிக்கிறார். ‘12 நிமிடம் தோற்றேன்’ என்பது அவர் கணக்கு. பயிற்சியாளர் பார்ப்பது அந்த 12 நிமிடம் எங்கே போனது என்பதை. முதல் பாதி 1:57. முப்பது கி.மீ. வரை பெரிய சரிவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 7 நிமிடம். இலக்குக்குத் தேவையான வேகமோ 5 நிமிடம் 41 வினாடி.

அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977-இல் வெளியிட்ட சூத்திரம், ஒரு தூரத்தை ஓடிய நேரத்திலிருந்து இன்னொரு தூரத்துக்கான நேரத்தைக் கணிக்கிறது. அதன்படி இவருடைய மாரத்தான் நேரம் 3:59. அதாவது எல்லாம் சரியாக அமைந்தால் மட்டுமே எட்டக்கூடிய இலக்கு. முழு மூச்சாக ஓடினாலும் இவரால் அரை மாரத்தானை 1:55-இல்தான் முடிக்க முடியும். மாரத்தானின் முதல் பாதியை அதைவிட இரண்டே நிமிடம் அதிகமாக எடுத்து ஓடியிருக்கிறார்! முன்கூட்டி நேரத்தைச் சேமிக்கும் இந்த ஆசை பலருக்கும் உண்டு.

வெயிலும் புழுக்கமும் காரணமாக இருக்கலாமே என்றால், அதற்கு இதயத் துடிப்பு பதில் சொல்லும். வேகம் குறைந்தும் துடிப்பு உயரத்திலேயே நின்றால் பெரும்பாலும் வெப்பமும் நீரிழப்பும் காரணம். வேகத்தோடு துடிப்பும் இறங்கினால், தசையில் சேமித்த மாவுச்சத்து தீர்ந்திருக்கும், அல்லது கால்கள் ஓய்ந்திருக்கும். இவருக்கு நடந்தது இரண்டாவது. வழியில் எடுத்துக்கொண்டதும் இரண்டே ஜெல். சுமார் 50 கிராம் மாவுச்சத்து. மணிக்கு 30 முதல் 60 கிராம் தேவை.

ஆகவே பயிற்சியாளரின் செய்தி, வேகம் போதும், தாங்கும் திறன்தான் போதவில்லை என்று சொல்லும். அடுத்த 16 வாரத் திட்டமும் அதிலிருந்தே பிறக்கிறது. முதல் இரண்டு வாரம் நடையும் மெதுவான ஓட்டமும் மட்டும். பிறகு வாராந்திர தூரம் 40 கி.மீ.யிலிருந்து படிப்படியாக 55 வரை ஏறும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறையும். முப்பது கி.மீ. நீள ஓட்டங்கள் மூன்று. அவற்றில் இரண்டில் கடைசி 8 கி.மீ. இலக்கு வேகத்தில். நாற்பது நிமிடத்துக்கு ஒரு ஜெல் என்பதையும் இந்த ஓட்டங்களிலேயே பழக வேண்டும், ஏனென்றால் பழகாத வயிறு போட்டியன்று அதை ஏற்காது.

போட்டிக்கு ஐந்து வாரம் முன்பு ஓர் அரை மாரத்தான். அது 1:55-க்குள் முடிந்தால் 4 மணி நேர இலக்கு நிற்கும். 1:58 ஆனால், ரீகல் கணக்குப்படி இலக்கு 4:06.